கடைத்தெருவும் கைப்பேசியும் – 7: விற்ற புடவையை மறைப்பவர்

மளிகைக்கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்பட்டியல் போடுவது ஒரு வேலை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்குப் போடுவது வேறு வேலை. சோப்புப் படத்தை ஒருமுறை ஏற்றினால் வருஷக்கணக்கில் இருக்கும். கைத்தறிப் பட்டிலோ அதே நிறம், அதே கரை, அதே முந்தி என்று பெரும்பாலும் ஒரே புடவைதான். விற்ற மறு நிமிடமே பட்டியல் பொய்யாகிவிடும். பட்டியலைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் ஒருவருக்குக் கடைக்காரர் பணம் தருவது இதற்காகத்தான்.

காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் 150 புடவை வைத்திருக்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 500 பொருள் வரை ஏற்றலாம் என்பதால் இடத்துக்குக் குறையில்லை. கேமராவை எடுக்குமுன் ஒவ்வொரு புடவைக்கும் ஓர் எண் கொடுத்துச் சீட்டுக் கட்ட வேண்டும். அந்த எண் படத்தின் மூலையிலும் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் படத்தை மட்டும் அக்காவுக்கு அனுப்புவார், அக்கா மூன்று வாரம் கழித்து "இது இருக்கா?" என்பார். எண் இல்லாவிட்டால் அடுக்கிலிருக்கும் பத்து அரக்கில் எது என்று தேட வேண்டியதுதான்.

ஒரு புடவைக்கு மூன்று படம் போதும்: முழுப் புடவை, முந்தி, கோர்வை. உடலும் கரையும் சேரும் இடத்தை நெருங்கி எடுத்த படத்தைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். நிறம்தான் படுத்தும். மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். டியூப்லைட்டில் எடுத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். வாசலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஒரு மடிப்பு விழும்படி எடுக்க வேண்டும். சுத்த ஜரிகையா, ஹாஃப் ஃபைனா என்பதை விவரத்தில் எழுதாமல் விட்டால் சண்டை பின்னால் வரும்.

விலை போடக் கடைக்காரர் தயங்குவார். கோயிலுக்கு வருகிறவர்களை அழைத்துவரும் ஆட்டோக்காரர், புரோக்கர் கமிஷனும் கடை விலைக்குள் இருப்பதுண்டு. கைப்பேசியில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்றால் மாட்டிக்கொள்வார். அந்தத் தயக்கம் நியாயம்தான். ஆனால் விலையில்லாத பட்டியலுக்கு "எவ்வளவு?" என்ற கேள்விக்கே நாள் முழுக்கப் பதில் எழுத ஆள் வேண்டும். நேரே வருகிறவருக்கும் அதே விலையைச் சொல்ல முடிகிற புடவைகளை மட்டும் ஏற்றுவது என் யோசனை.

பிறகு தினசரி வேலை. கடை சாத்தும்போது விற்ற எண்களை முதலாளி அனுப்புவார். அவற்றை மறைக்க வேண்டும், அழிக்கக் கூடாது. அதே டிசைனை வேறு நிறத்தில் நெய்து தரக் கேட்டால் பழைய படம்தான் தறிக்காரருக்குப் போகும். முகூர்த்த மாதங்களில் இரவுவரை காத்திருந்தால் ஒரே புடவைக்கு இரண்டு பேர் பணம் போட்டுவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு விற்பனைக்கும் உடனே மறைக்க வேண்டும்.

கணக்கு யார் எண்ணில் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். கடையின் சொந்த எண்ணில் தொடங்கி, பராமரிப்பவர் தன் கணினியை இணைத்த சாதனமாக வைத்துக்கொள்ளலாம். நான்கு சாதனம் வரை அனுமதி உண்டு. மாதக் கணக்கு முறிந்தால் முதலாளி தன் கைப்பேசியிலிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றிவிடலாம். பட்டியலும் வாடிக்கையாளர்களும் கடையிடமே இருப்பார்கள்.

(தொடரும்)