ஒரே விண்ணப்பத்தில் இரண்டு திட்டங்கள்

முந்நூறு ஓலைச்சுவடிக் கட்டுகள். கட்டுக்குச் சராசரியாக நூறு ஏடுகள். ஒவ்வோர் ஏட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து, கணினியில் சேமித்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஒரு சிற்றூர் அறக்கட்டளை இதற்காக இருபது லட்சம் ரூபாய் நல்கை கேட்டு விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை விண்ணப்பம்தான். ஆனால் நடக்கக்கூடிய ஒன்று. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டம் போன்ற நல்கைகள் தமிழ்நாட்டுச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் மின்படமாக்கப் பணம் தந்திருக்கின்றன.

விண்ணப்பத்தில் இரண்டு முக்கியப் பகுதிகள் இருக்கும். என்ன செய்யப் போகிறோம், ஏன், எப்படி என்று சொல்வது திட்ட விவரிப்பு. கேட்கும் ஒவ்வொரு தொகையும் எதற்கு, எந்தக் கணக்கில் வந்தது என்று சொல்வது செலவு விளக்கம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்தச் செலவு விளக்கத்துக்கு ஐந்து பக்கம் வரை இடம் தருகிறது. பல இந்திய நல்கைகளில் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் இரண்டு வரி எழுத இடமிருந்தாலே அதிகம். எந்த அளவானாலும் மதிப்பீட்டாளர் பார்ப்பது ஒன்றைத்தான்: விவரிப்பில் உள்ள வேலையும் பட்டியலில் உள்ள பணமும் ஒரே திட்டத்தைப் பற்றிப் பேசுகின்றனவா?

நம் அறக்கட்டளையின் விவரிப்பு, நான்காம் பக்கத்தில், "இரண்டு ஒளிப்படக் கலைஞர்கள் ஓராண்டு முழுவதும் பணியாற்றுவர்" என்கிறது. பட்டியலின் முதல் வரியோ வேறு கதை சொல்கிறது: ஒளிப்படக் கலைஞர் ஒருவர், மாதம் ரூ.25,000, ஆறு மாதம், மொத்தம் ரூ.1,50,000. விவரிப்பின்படி கணக்கிட்டால் இந்த வரி ஆறு லட்சம் ஆகியிருக்க வேண்டும்.

இங்கே அவசரப்படும் மதிப்பீட்டாளர் "ஊதியத்துக்கு ஒதுக்கிய தொகை போதாது" என்று எழுதிவிடுவார். அது தவறாக இருக்கலாம். 300 கட்டு, 100 ஏடு, இரு பக்கம் என்றால் அறுபதாயிரம் படங்கள். மாதம் 25 வேலைநாள் என்று கொண்டால், ஒருவர் ஆறு மாதத்தில் 150 நாள் உழைக்கிறார். அப்படியானால் நாளுக்கு 400 படம். இருவர் ஓராண்டு உழைத்தால் 600 ஆள்நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 படம். ஆக, விவரிப்பு 100 என்கிறது, பட்டியல் 400 என்கிறது. எது உண்மை என்று விண்ணப்பத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள ஏடுகளை வரிசையாக வைத்துச் சொடுக்கிக்கொண்டே போனால் பெரிய எண்ணிக்கையும் எட்டக்கூடியதுதான். ஆனால் பல சுவடிகள் அப்படி இருப்பதில்லை. கட்டைப் பிரித்து, ஒட்டிக்கொண்ட ஏடுகளை முறியாமல் விலக்கி, தூசு தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசி, கீறிய எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியைத் தடவித் துடைத்து எழுத்தைத் தெளிவாக்கி, அதன் பிறகுதான் கேமராவுக்குக் கீழே வைக்க முடியும். விண்ணப்பத்தில் இல்லாமல் போன எண் பணத்தைப் பற்றியதல்ல. ஒரு நாளில் எத்தனை படம் என்பதுதான் அது.

அதனால் பயனுள்ள கருத்துரை இப்படி அமையும்: "பக்கம் 4இல் இரண்டு பேர், 12 மாதம் என்று உள்ளது. பட்டியலின் முதல் வரியில் ஒருவர், 6 மாதம் என்று உள்ளது. முதலாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 100 படத்தையும் இரண்டாவது 400 படத்தையும் குறிக்கிறது. உங்கள் சுவடிகளின் நிலைக்கு எது பொருந்தும் என்று ஒரு கட்டை எடுத்துச் சோதித்துப் பார்த்து, இரண்டு இடத்திலும் அதே எண்ணை வைத்து எழுதுங்கள்." இதில் பழிப்பு இல்லை, தீர்ப்பும் இல்லை. பக்க எண்ணும் வரி எண்ணும் இருக்கின்றன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. "பட்ஜெட் தெளிவாக இல்லை, திட்டத்தோடு பொருந்தவில்லை" என்ற வழக்கமான ஒற்றை வரியைப் பெறுபவர் என்ன செய்வார்? பெரும்பாலும் செலவு விளக்கத்தில் இன்னும் நான்கு வாக்கியம் சேர்ப்பார். முரண்பாடு அப்படியே இருக்கும், கொஞ்சம் நீளமாக.

முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கருத்துரை எழுதுவது எளிது. விவரிப்பை எழுதுபவர் திட்டத்தை நடத்தப்போகிறவர், பட்டியலைப் போடுபவர் கணக்காளர் என்பது ஒரு காரணம். இருவரும் கடைசி நாளில்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கிறார்கள். அதைவிட அடிக்கடி நேர்வது இன்னொன்று. முதலில் போட்ட கணக்கு உச்சவரம்பைத் தாண்டிவிடும். பட்டியலில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் வெட்டி இருபது லட்சத்துக்குள் கொண்டுவருவார்கள். விவரிப்பை யாரும் தொடமாட்டார்கள். வாக்குறுதி பழைய தொகைக்கும் பணம் புதிய தொகைக்கும் என்றாகிவிடும். நம் பட்டியலில் "இதர செலவு ரூ.2,36,000" என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற வரிகளைக் கூட்டி இருபது லட்சத்திலிருந்து கழித்தால் சரியாக அந்த மிச்சம்தான் வரும். மொத்தத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கீழிருந்து மேலே கணக்கு எழுதியதற்கு அது அடையாளம்.

சேமிப்புத் தட்டுகளின் வரியில் இதே கோளாறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்து, சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமிப்போம் என்கிறது விவரிப்பு. பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் ஒரு படம் 72 எம்பி வரும். அறுபதாயிரம் படத்துக்கு ஏறத்தாழ 4.3 டெராபைட். மூன்று பிரதிகளை மூன்று இடங்களில் வைப்போம் என்றும் உறுதி தரப்பட்டுள்ளது, ஆக 13 டெராபைட் தேவை. பட்டியலில் இருப்பதோ 4 டெராபைட் வன்தட்டு இரண்டு. ஒரு முழுப் பிரதிகூட ஒரு தட்டில் அடங்காது. தொகை வெறும் ரூ.24,000தான். ஆனாலும் மதிப்பீட்டாளர் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மூன்று பிரதி என்பது திட்டத்தின் உயிர்நாடி. ஏடு நாளை பூச்சி அரித்துப் போனால் எஞ்சுவது அந்தப் பிரதிகள் மட்டுமே. இதற்கு நேர்மாறாக, எலுமிச்சம்புல் எண்ணெய் பட்டியலிலேயே இல்லை. விலை அற்பம். ஆனால் அது விடுபட்டிருப்பது, பட்டியல் போட்டவர் வேலை நடக்கும் மேசையைப் பார்க்கவில்லையோ என்ற ஐயத்தை எழுப்புகிறது.

பயணச் செலவில் முரண்பாடு வேறு திசையில் போகிறது. குழுவினர் ஊரிலேயே தங்கி வேலை செய்வார்கள் என்கிறது விவரிப்பு. பட்டியலில் மாதம் ரூ.30,000 வீதம் பன்னிரண்டு மாதம் வாடகைக் கார், மொத்தம் ரூ.3,60,000. தங்கும் இடத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. வேலை இருந்து பணம் இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் திட்டம் நடக்குமா என்று கவலைப்படுவார். பணம் இருந்து வேலை இல்லாவிட்டால் அவர் நம்பிக்கையே ஆட்டம் காணும். இரண்டையும் ஒரே தொனியில் எழுதக் கூடாது என்பார்கள் அனுபவம் உள்ளவர்கள். முன்னதில் "இதற்கான தொகை எங்கே?" என்று கேட்டால் போதும். பின்னதில் "இந்தச் செலவு எந்தப் பணிக்கு?" என்று கேட்டு, விடை சொல்ல இடம் விட வேண்டும். உண்மையான காரணம் விவரிப்பில் எழுதப்படாமல் விடுபட்டும் இருக்கலாம்.

சட்டத்தையே மீறிவிடும் முரண்பாடும் உண்டு. ஊர் இளைஞர்களுக்கு ஏடு சுத்தம் செய்யும் பயிற்சியை ஒரு கூட்டாளி அமைப்பு தரும் என்கிறது விவரிப்பு. பட்டியலில் அந்த அமைப்புக்கு ரூ.2,00,000 மாற்றிக் கொடுப்பதாக இருக்கிறது. நல்கை வெளிநாட்டிலிருந்து வந்தால் இது முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், அப்படிப் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றுவதைத் தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் அதே திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. இதனால் பதவிப் பெயர்கூட முக்கியமாகிறது. விவரிப்பில் ஏடு சுத்தம் செய்பவராக வருகிறவர் பட்டியலில் "அலுவலக உதவியாளர்" ஆனால், அவர் சம்பளம் நிர்வாகச் செலவாக எண்ணப்படும் ஆபத்து இருக்கிறது.

இத்தனையும் கருத்துரையாகக் கைக்கு வந்தபின் விண்ணப்பதாரர் என்ன செய்யலாம்? முதல் வேலை ஒரு நாள் சோதனை. ஒரு கேமராவில் இருவர், ஒருவர் ஏடு வைக்க ஒருவர் படமெடுக்க, மாலைக்குள் 220 படம் எடுத்தார்கள் என்று கொள்வோம். அறுபதாயிரத்துக்கு 273 நாள், அதாவது பதினோரு மாதம். இருவருக்கு ஐந்தரை லட்சம். பழைய வரியைவிட நான்கு லட்சம் கூடுதல். வன்தட்டை மூன்று 8 டெராபைட்டாக மாற்றி, ஒன்று ரூ.18,000 என்று கொண்டால் இன்னும் முப்பதாயிரம். இந்த ரூ.4,30,000 எங்கிருந்து வரும்? மாதம் ரூ.40,000 பெறும் ஒருங்கிணைப்பாளரை அரைநேரமாக்கினால் ரூ.2,40,000 மிஞ்சும். காருக்குப் பதில் ஊரில் மாதம் ரூ.8,000 வாடகையில் ஒரு வீடும், போக்குவரத்துக்கு ரூ.5,000மும் என்றால் இன்னொரு ரூ.2,04,000 மிஞ்சும். உச்சவரம்பு மாறவில்லை. ஆனால் ஒருங்கிணைப்பாளர் அரைநேரம்தான் என்பதை விவரிப்பிலும் திருத்த வேண்டும், அவர் செய்வதாகச் சொன்ன இரண்டு கருத்தரங்குகளில் ஒன்றைக் கைவிட வேண்டியும் வரலாம். ஆட்குறைப்பு வேண்டாம் என்றால் இன்னொரு வழி, முந்நூறு கட்டை இருநூறாகக் குறைப்பது. நிலைமை மோசமான சுவடிகளை முதலில் எடுப்போம் என்று காரணத்தோடு எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் அதைக் குறையாகக் கொள்ள மாட்டார்.

பட்ஜெட்டைப் பார்த்து மதிப்பெண் போடாத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் மதிப்பீட்டாளர்கள் ஆய்வின் தகுதிக்கு மதிப்பெண் இட்ட பிறகே செலவைப் பற்றிப் பேசுகிறார்கள், அது மதிப்பெண்ணில் சேராது. இருந்தாலும் யார், எத்தனை மாதம் என்ற விவரம் ஆய்வு முறையிலேயே வந்துவிடுவதால், அங்கே தொடங்கும் ஐயத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது கடினம்.

இந்திய அரசு நல்கைகளில் கணக்கு கடைசியில் வேறொருவர் மேசைக்குப் போகிறது. ஆண்டு முடிவில் படிவம் 12-அ என்ற பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுக்கும்போது, ஒப்புதல் பெற்ற தலைப்பின் கீழ்தான் செலவு நடந்ததா என்று தணிக்கையாளர் பார்ப்பார். காருக்கு ஒதுக்கிய பணத்தை ஒளிப்படக் கலைஞரின் ஏழாம் மாதச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் முன்னதாகவே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வரும்வரை கேமரா மேசை காலியாகக் கிடக்கும், ஏடுகள் பாதி பிரித்த கட்டிலேயே இருக்கும்.