இரண்டு கடிதங்கள், இரண்டு கெடுக்கள்

தனியார் நிறுவனங்களில் சம்பளத்தோடு ‘ஈசாப்’ தருவது இன்று சாதாரணம். குறித்த விலையில் நிறுவனப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அது. அந்த உரிமை படிப்படியாக ஊழியர் கைக்கு வருவதை ‘வெஸ்டிங்’ என்பார்கள். கைக்கு வந்த உரிமையைப் பணம் கட்டிப் பங்காக மாற்றுவது ‘எக்சர்சைஸ்’. இந்திய கம்பெனிச் சட்ட விதிகளின்படி, உரிமை தந்த நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையே ஓராண்டாவது இருக்க வேண்டும். மற்ற நிபந்தனைகள் பெரும்பாலும் நிறுவனம் வகுப்பவை. அதனால் ஒரே ஊழியரின் இரண்டு கடிதங்களில்கூட அவை வேறுபடலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊழியருக்கு 2021 ஏப்ரல் 1 தேதியிட்ட முதல் கடிதத்தில் 1,200 உரிமைகள். ஆண்டுக்கு 300 வீதம் நான்கு ஆண்டுகளில் வெஸ்ட் ஆகும். 2023 ஜூலை 1 தேதியிட்ட இரண்டாவது கடிதத்தில் 720. ஓராண்டு முடிந்ததும் 180, பிறகு மாதம் 15 வீதம் 36 மாதங்கள். அவருடைய கடைசி வேலைநாள் 2025 மார்ச் 15.

முதல் கடிதத்தில் மூன்று ஏப்ரல்கள் கடந்திருப்பதால் 900 அவருடையவை. மிச்சம் 300 ஏப்ரல் 1 அன்றுதான் வந்திருக்கும். 17 நாளில் போய்விட்டன. இரண்டாவதில் 180-உடன், ஆகஸ்டு முதல் மார்ச் வரை எட்டு மாதத்துக்கு 120 சேர்ந்து 300. ஆக, கையில் இருப்பவை 1,200.

இவற்றை எதுவரை வாங்கலாம்? முதல் கடிதம் கடைசி வேலைநாளிலிருந்து 90 நாள் தருகிறது. ஜூன் 13 வரை. இரண்டாவது கடிதத்தில் கெடுவே இல்லை, ‘திட்ட விதிகளின்படி’ என்று மட்டும் இருக்கிறது. திட்ட ஆவணத்தைப் புரட்டினால் 30 நாள்; ஏப்ரல் 14-ஆம் தேதியே முடிந்துவிடும். முதல் கடிதத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் 300 உரிமைகளை இழப்பார். கெடுவுக்குள் பங்கின் விலையோடு வரிப்பணமும் தேவைப்படும். பங்கின் சந்தை மதிப்புக்கும் அவர் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம், விற்காவிட்டாலும், பொதுவாகச் சம்பள வருமானமாகக் கணக்கிடப்படுகிறது.

எனவே கடிதத்துக்கு ஒரு வரி என்று ஒரே தாளில் எழுதுங்கள்: வெஸ்டிங் தொடங்கும் நாள், எண்ணிக்கை, அட்டவணை, விலை, கெடு, அந்தக் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது. ராஜினாமா கொடுத்த நாளா, கடைசி வேலைநாளா என்பதை ஆவணத்தின் வாசகத்திலேயே எழுதி, பிரிவு எண்ணையும் குறியுங்கள். கடிதமும் திட்டமும் முரண்பட்டால் எது செல்லும் என்பதும் அந்த ஆவணங்களில்தான் இருக்கும். பெரும்பாலும் திட்டமே செல்லும்.

விலகும் விதத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். ராஜினாமா செய்தால் வெஸ்ட் ஆகாதவை போய்விடும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டால், வெஸ்ட் ஆனவையும் ரத்தாகும் என்று பல திட்டங்கள் சொல்கின்றன. பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் எல்லா உரிமைகளும் வாரிசுகளுக்கோ நாமினிக்கோ உடனே வெஸ்ட் ஆக வேண்டும் என்பது சட்ட விதி. வீட்டாருக்கும் இந்தத் தாள் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள். மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே.