கட்டுரை இலவசம், குறி லிங்க் மீது

சொந்தமாக இணையதளம் நடத்துகிறவர்களுக்கு இந்த மின்னஞ்சல் பழக்கப்பட்டது. “உங்கள் தளத்தை விரும்பிப் படிக்கிறேன். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் கட்டுரை ஒன்றை இலவசமாக எழுதித் தருகிறோம்; வெளியிடக் கட்டணமும் உண்டு” என்று தேனொழுகப் பேசும். எந்தக் கட்டுரையைப் படித்தார் என்று மட்டும் சொல்லாது. ரசம், வத்தக்குழம்பு என்று சமையல் குறிப்பு எழுதுகிறவருக்கு வரும் கட்டுரையிலும் நடுவில் ஒரு சூதாட்டத் தளத்துக்கோ கடன் நிறுவனத்துக்கோ லிங்க் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவர்களுக்கு வேண்டியது அந்த லிங்க்தான். கட்டுரை அதற்கான சாக்கு. ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தத் தளங்கள் லிங்க் கொடுக்கின்றன என்பதை கூகுள் ஒரு பரிந்துரைபோல எடுத்துக்கொள்கிறது. நல்ல தளங்களின் பரிந்துரை சேரச் சேர, தேடலில் அந்தப் பக்கம் மேலே வர வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பரிந்துரையைத்தான் காசு கொடுத்து வாங்க வருகிறார்கள்.

காசு வாங்கிக்கொண்டு லிங்க் கொடுப்பதை கூகுள் முற்றாகத் தடுக்கவில்லை. விளம்பரம் என்று தேடுபொறிக்குப் புரியும்படி குறித்துவிட வேண்டும், அவ்வளவே. 2005-இல் வந்த nofollow இதற்குப் பயன்பட்டது. 2019-இல் இதற்கென்றே sponsored என்ற குறி வந்தது. லிங்க் இப்படி இருக்கும்:

```
<a href="https://example.com" rel="sponsored">
```

இந்தக் குறி இருந்தால் பரிந்துரை மதிப்பு போகாது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் மின்னஞ்சலின் கடைசியில், ‘டூஃபாலோ லிங்க்’ வேண்டும், ‘ஸ்பான்சர்டு’ என்று எங்கும் போடக் கூடாது என்ற நிபந்தனை எட்டிப் பார்க்கிறது.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு கூகுளே உதாரணம். 2012 ஜனவரியில் குரோம் பிரவுசருக்காக நடந்த விளம்பர இயக்கத்தில், வலைப்பதிவர்கள் சிலர் பணம் பெற்று எழுதிய பதிவுகள் வெளியாயின. அவற்றை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு பதிவில் இருந்த லிங்க் குறியில்லாமல் குரோம் பக்கத்துக்குப் போவது தெரிந்தது. அந்த ஒன்றுக்காக கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குத் தேடலில் கீழே இறக்கியது. லிங்க் வாங்கியவருக்குத்தானே தண்டனை என்று நிம்மதி கொள்ள முடியாது. இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு குறியில்லாமல் லிங்க் கொடுத்த வலைப்பதிவர்கள் மீது 2016 ஏப்ரலில் நடவடிக்கை பாய்ந்தது.

ஆக, மறுப்பதென்று முடிவெடுப்பது சுலபம். மறுக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரியாதைக்காகக் காரணம் சொல்லப் போக, அதுவே பேரத்தின் முதல் படியாகிவிடுகிறது. “உங்கள் தலைப்பு என் வாசகர்களுக்குப் பொருந்தாது” என்றால் தலைப்பை மாற்றித் தருகிறார்கள். “வெளியார் கட்டுரை போடுவதில்லை” என்றால், “உங்கள் பழைய பதிவு ஒன்றில் லிங்க் மட்டும் சேர்த்தால் போதும்” என்கிறார்கள். “இப்போதைக்கு வேண்டாம்” என்று எழுதினாலோ அடுத்த மாதமே வந்து நிற்பார்கள். “எவ்வளவு தருவீர்கள்?” என்று சும்மா கேட்டு வைப்பதும் ஆபத்துதான், விலை பேசக்கூடிய தளம் என்று குறித்துக்கொள்வார்கள்.

இரண்டே வரி போதும்: “பணம் பெற்றுக் கட்டுரையோ லிங்க்கோ வெளியிடுவதில்லை. இது குறித்து இனி எழுத வேண்டாம்.” நன்றியும் வருத்தமும் இதில் தேவையில்லை. பெயர்கூடப் போடாமல் மொத்தமாக அனுப்பிய மடல் என்றால் இந்த இரண்டு வரியும் வீண். ஸ்பேம் என்று ஒதுக்கிவிடலாம். “முந்தைய மடலைப் பார்த்தீர்களா?” என்று சில நாளில் இன்னொன்று வரும், அதையும் அதே இடத்துக்கு அனுப்பலாம்.

வந்தவர் உண்மையிலேயே நல்ல எழுத்தாளராக இருந்துவிட்டால்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. “விளம்பரம் என்று மேலே போடுவேன், லிங்க்கில் sponsored குறி வைப்பேன், சம்மதமா?” என்று கேட்டால் போதும். லிங்க் வியாபாரிகளில் பலர் அத்தோடு காணாமல் போவார்கள். சம்மதம் சொல்கிறவரோடு பேசத் தடையில்லை. அது நேர்மையான விளம்பரம்.

விவரம் தெரியாமல் ஏற்கெனவே வெளியிட்டவர்கள் அந்த லிங்க்கை நீக்கலாம், அல்லது மேலே உள்ள குறியைச் சேர்த்துவிடலாம். நடவடிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்பது கூகுளின் இலவச சேவையான சர்ச் கன்சோலில், ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் தெரியும். வந்திருந்தால் எல்லா லிங்க்கையும் சரிசெய்துவிட்டு, என்ன செய்தோம் என்று விளக்கி மறுபரிசீலனை கோர வேண்டும். குறி மாறியதைக் கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டு மார்க்கெட்டிங்காரர் எழுதினால், வாங்கிய தொகையைக் கொடுத்துவிட்டுக் கட்டுரையையும் எடுத்துவிடுவது சிக்கலில்லாத வழி.