கொழும்பில் இருமுறை வந்த நள்ளிரவு

கொழும்பு மருத்துவமனை ஒன்றில் 2006 ஏப்ரல் 14 இரவு 10 மணிக்கு டூட்டிக்கு வந்த ஒரு தாதி, மறுநாள் காலை 6 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்? விரல்விட்டு எண்ணினால் எட்டு. உண்மையில் எட்டரை. அன்று நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும், இலங்கை முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளி மறுபடியும் 12 மணி ஆக்கினார்கள். அந்த அரை மணி நேரத்தை அவர் இரண்டு தடவை விழித்திருந்து கழித்தார். சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு இது தெரியுமா என்பதுதான் கேள்வி.

இலங்கை முன்பு இந்தியாவைப் போலவே உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மே 25 அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி நேரம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006இல்தான் மறுபடியும் ஐந்தரைக்கு வந்தது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் குடியிருந்தவர். இந்தக் கடைசி மாற்றம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

இந்த வரலாறு முழுவதும் கணினிகளுக்குள் இருக்கிறது. உலகின் நேர மண்டலங்களும் அவை மாறிய தேதிகளும் அடங்கிய பொது அட்டவணை ஒன்றைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதில் இலங்கையின் பெயர் `Asia/Colombo`. பைத்தான் மொழியில் அந்தப் பெயரைக் கொடுத்து, தாதியின் வேலை நேரத்தைக் கழித்துப் பார்க்கலாம்:

```python
from datetime import datetime, timezone
from zoneinfo import ZoneInfo

k = ZoneInfo("Asia/Colombo")
a = datetime(2006, 4, 14, 22, 0, tzinfo=k)
b = datetime(2006, 4, 15, 6, 0, tzinfo=k)
print(b - a)    # 8:00:00
```

ஊர் பெயரைச் சொன்னோம், அட்டவணையும் கையில் இருக்கிறது; ஆனாலும் விடை எட்டு மணி நேரம்! அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. இரண்டு நேரங்களும் ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவை என்றால், பைத்தான் அந்த மண்டலத்தைக் கண்டுகொள்ளாமல் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை மட்டும் வைத்துக் கழித்துவிடும். தெரிந்தேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 'நாளை இதே நேரம்' என்று ஒரு நாளைக் கூட்டும்போது, நடுவில் கடிகாரம் நகர்ந்தாலும் காலை 6 மணி காலை 6 மணியாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். காலண்டரில் கூட்டுவதற்கு அது சரி. கழிந்த நேரத்தை அளப்பதற்குச் சரிவராது. எனக்குக் கேட்டால், கழித்தலையும் அந்த விதிக்குள் அடக்கியது தவறான முடிவு. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ புரோகிராம்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டதால், இனி மாற்றுவது கடினம்.

தீர்வு ஒரே வரி. இரண்டு நேரத்தையும் முதலில் யுடிசிக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கழிக்க வேண்டும்.

```python
u = timezone.utc
print(b.astimezone(u) - a.astimezone(u))    # 8:30:00
```

இரவு 10 மணி என்பது யுடிசியில் மாலை 4 மணி; அப்போது வித்தியாசம் ஆறு மணி நேரம். காலை 6 என்பது யுடிசியில் நள்ளிரவு 12.30, வித்தியாசம் ஐந்தரையாகிவிட்டது. நான்கிலிருந்து பன்னிரண்டரை வரை எட்டரை மணி நேரம். ஜாவாவில் `ZonedDateTime` என்ற வகையில் இரு நேரங்களையும் வைத்து `Duration.between` என்று கேட்டால், அதுவே எட்டரை என்று சொல்லிவிடும். ஊர் பெயர் இல்லாத `LocalDateTime` வகையில் வைத்திருந்தால் எட்டுதான். ஆகவே எந்த மொழியில் எழுதினாலும், அது முள்ளைக் கழிக்கிறதா கணத்தைக் கழிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

யுடிசிக்கு மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அதே இரவு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தது 12.20க்குப் பிறந்தது. பத்து நிமிடத்தில் கடிகாரம் பின்னால் போயிற்று. அதற்கு ஐந்து நிமிடம் கழித்து இளையது பிறந்தது; அப்போது கடிகாரம் காட்டியது 12.05. பதிவேட்டில் நேரத்தை மட்டும் எழுதியிருந்தால் இளையவர் அக்காவாகிவிடுவார். கணினி மைனஸ் 15 நிமிடம் என்று விடை சொல்லும். 12.05 என்பது அன்று இரண்டு தடவை வந்ததால், எந்த 12.05 என்று யாராவது குறித்திருந்தால்தான் உண்டு. பைத்தானில் அதற்காகவே `fold` என்று ஒரு குறி இருக்கிறது: முதல் தடவைக்கு 0, இரண்டாம் தடவைக்கு 1. சொல்லாமல் விட்டால் 0 என்றே எடுத்துக்கொள்ளும். பதிவு செய்யும்போதே நேரத்தோடு +06:00 அல்லது +05:30 என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இந்தியாவில் இருந்துகொண்டு கோட் எழுதுபவர்களுக்கு இதெல்லாம் வேறு உலகத்துக் கதையாகத் தோன்றும். இங்கே பல பத்தாண்டுகளாகக் கடிகாரத்தை யாரும் நகர்த்தவில்லை. சோதனையெல்லாம் சுத்தமாகத் தேறிவிடும். நம் ஊரில் அடிக்கடி வரும் பிழை வேறு மாதிரி. சர்வர் யுடிசியில் ஓடும். ஆப், இந்திய நேரத்தில் ஓடும். இரண்டும் நேரத்தை எழுதும்போது மண்டலத்தைக் குறிப்பிடாது. இப்போதுதான் கொடுத்த ஆர்டர், '5 மணி 31 நிமிடத்துக்கு முன்' என்று திரையில் தெரியும். கழித்து வந்த விடையில் 19,800 வினாடி கூடவோ குறையவோ இருந்தால், அதுதான் ஐந்தரை மணி நேரம்; காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 3,600 என்றால் கோடைக்கால நேர மாற்றம் உள்ள ஏதோ ஒரு நாடு நடுவில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆண்டு முழுவதும் சரியாக இருந்த கணக்கு ஒரே ஒரு நாளில் 1,800 வினாடி பிசகினால், கொழும்பு போன்ற கதைதான்.

அட்டவணைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இலங்கைக்கு அதில் ஒரே பெயர்தான். ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவே இல்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. ஒரு நோயாளியை 2003இல் கிளிநொச்சியிலிருந்து காலை 8 மணிக்கு அனுப்பியதாக ஒரு குறிப்பும், மாலை 3 மணிக்குக் கொழும்பில் சேர்த்ததாக இன்னொரு குறிப்பும் கிடைத்தால், கணினி ஏழு மணி நேரம் என்று சொல்லும். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை என்றால் பயணம் ஆறரை மணி நேரம்தான். கிளிநொச்சிப் பதிவுக்கு மட்டும் `Asia/Kolkata` என்று கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும்; அப்போது அது ஐந்தரை. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவர் உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்தாரா, கொழும்பு நேரத்தைப் பின்பற்றினாரா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. அப்போது அங்கே வேலை பார்த்தவர் யாரையாவது தேடிப் பிடித்துக் கேட்ட பிறகே கழிக்க உட்கார வேண்டும்.