பள்ளத்தில் இறுகும் பிரம்பு

நாற்காலிச் சட்டத்தைச் சுற்றிப் பள்ளம் ஓடினால், பிரம்பு இழைகளின் பின்னலை அதற்குள் அழுத்தித்தான் இருக்கை அமைக்க வேண்டும். முதலில் பழைய பசையையும் பிரம்புத் துணுக்குகளையும் மெல்லிய உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். துளி மிஞ்சினாலும் புதிய பின்னல் அடிவரை இறங்காது.

பின்னலை வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை மணி நேரம் ஊறவைத்தால் இழைகள் ஒடியாமல் வளையும். பளபளப்பான பக்கத்தை மேலாக வைத்து, இழைகள் சட்டத்துக்கு நேராக ஓடுகின்றனவா என்று பார்த்தபின், பின்புறம், முன்புறம், பக்கங்கள் என்ற வரிசையில் மர ஆப்பால் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். மிஞ்சிய ஓரத்தை வெட்டி, பள்ளத்தில் பசையிட்டு, ஊறிய பிரம்புக் குச்சியை மரச்சுத்தியலால் அடித்து இறக்கினால் பிடிமானம் கிடைக்கும்.

ஈரத்தில் பின்னல் சற்றுத் தளர்வாகத் தெரிவது இயல்பே. காயும்போது அது சுருங்கி இறுகும். ஈரத்திலேயே வலிந்து இழுத்தால், காய்கையில் ஓர இழைகள் அறுந்துவிடும். இரண்டு நாள் காயும்வரை அதில் உட்காரக் கூடாது.