மாடித் தொட்டியிலிருந்து வரும் 44 வாட் எங்கே போகிறது?

நீலகிரியில் 1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கி, ஊசித் துவாரத்தின் வழியே பீய்ச்சி, பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தாரையின் வேகம் மணிக்கு 475 கிலோமீட்டரைத் தாண்டும். அதே சக்கரத்தின் சிறு வடிவத்தை வீட்டு மாடித் தொட்டியில் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். அறிவியல் கண்காட்சிகளில் இப்படிப்பட்ட மாதிரிகளை அடிக்கடி பார்க்கிறோம். பல்பு எரியும், எல்லோரும் கை தட்டுவார்கள். எரிகிற பல்பிலிருந்து மட்டும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தண்ணீர் தந்த சக்தியில் எவ்வளவு பல்புக்கு வந்தது, மீதி எந்த இடத்தில் போனது என்பதை அளந்தால்தான் அந்த மாதிரிக்குப் பொருள் உண்டு.

ஒரு மாதிரியைக் கணக்கோடு எடுத்துக்கொள்வோம். தொட்டியின் நீர்மட்டம் நாசிலுக்கு மேலே 8 மீட்டர். அங்கிருந்து 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் இறங்குகிறது. நாசிலின் வாய் 8 மில்லிமீட்டர். சக்கரத்தில் தாரை மோதும் வட்டத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர்.

முதலில் தண்ணீரின் அளவு. நாசிலுக்கு அடியில் 20 லிட்டர் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தால் 36 விநாடியில் நிரம்புகிறது. அதாவது விநாடிக்கு 0.556 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்கினால் 9.81 வாட் கிடைக்கும். அந்தக் கணக்கில் தொட்டி தருவது 9.81 × 0.556 × 8, ஏறத்தாழ 43.6 வாட். இதுதான் நம் கையில் உள்ள முதல். அளக்கும்போது தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் இந்த எண்ணே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே மட்டம் மாறாதபடி தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து தாரையின் வேகம். இதற்கு ஒரு டேப் இருந்தாலே போதும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சக்கரத்தை அகற்றிவிட்டு, நாசிலைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் துல்லியமாகக் கிடைமட்டமாக வைத்துத் தண்ணீரைப் பீய்ச்ச விடுங்கள். எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் ஒரு மீட்டர் விழுவதற்குத் தண்ணீருக்கு 0.45 விநாடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் அது எவ்வளவு தூரம் போய்த் தரையைத் தொட்டது என்பதே வேகத்தைச் சொல்லிவிடும். நம் மாதிரியில் தாரை 5 மீட்டர் தள்ளி விழுந்தது என்றால் வேகம் விநாடிக்கு 11.1 மீட்டர். இதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. விநாடிக்கு வந்த தண்ணீரைத் தாரையின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தாலும் 11.1-தான் வருகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் நாசில் சற்று மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்திருக்கும். அல்லது தாரை வாயைவிட்டு வெளியே வந்ததும் சுருங்கியிருக்கும்.

எந்த இழப்பும் இல்லாவிட்டால் 8 மீட்டர் உயரம் 12.5 மீட்டர் வேகத்தைத் தந்திருக்க வேண்டும். நாசிலுக்குச் சற்று முன்னால் பொருத்திய அழுத்தமானி 6.8 மீட்டர் நீருக்கு இணையான அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. மீதி 1.2 மீட்டரைக் குழாயும் அதன் வளைவுகளும் எடுத்துக்கொண்டன. நாசிலின் சொரசொரப்பிலும் கொஞ்சம் போகிறது. கடைசியில் பறந்து வரும் தாரையில் இருப்பது 34 வாட்.

இனி சக்கரம். அதன் கிண்ணம் நடுவே வரப்பு போட்ட இரட்டைக் கிண்ணம். தாரை வரப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, உள்ளே வளைந்து, வந்த திசைக்கே ஏறக்குறைய திரும்பி வெளியேறுகிறது. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடினால் அதைவிட்டுத் திரும்பும் தண்ணீருக்குத் தரையைப் பொறுத்தவரை வேகமே மிச்சம் இருக்காது. கொண்டுவந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுச் செத்த நீராகக் கீழே சொட்டும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் நாசில் பக்கமாகத் திரும்பித் தெறிக்கிறது. மிக வேகமாகச் சுற்றினால் சக்கரத்தைத் தாண்டி முன்னால் ஓடிவிடுகிறது. நடைமுறையில் சிறந்த வேகம் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 0.46 மடங்கு அளவில் இருக்கும். நம் சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு 480 சுற்று.

தண்டின் திறனை அளக்கக் கயிற்று பிரேக் போதும். தண்டில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பியை மாட்டி, அதன் மேல் 4 மில்லிமீட்டர் கயிற்றைப் போட்டு, இரு முனைகளையும் இரண்டு ஸ்பிரிங் தராசுகளில் கட்ட வேண்டும். இழுபக்கத் தராசு 1.05 கிலோ, தளர்ந்த பக்கத் தராசு 0.28 கிலோ காட்டினால் பிரேக்கின் உண்மையான பிடி வித்தியாசமான 0.77 கிலோதான். கயிற்றின் பாதித் தடிமனையும் சேர்த்தால் ஆரம் 5.2 சென்டிமீட்டர். கிலோவை 9.81-ஆல் பெருக்கி விசையாக்கி, ஆரத்தால் பெருக்கி, விநாடிக்கு 8 சுற்று என்ற வேகத்தோடு சேர்த்தால் 19.7 வாட் வருகிறது. சுற்றுகளை எண்ணக் கப்பியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, கைபேசியின் மெதுவியக்க வீடியோவில் பார்த்தால் போதும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியில் ஒரு சுற்றுக்கு 30 படம் வரும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தளர்ந்த பக்கத் தராசை மறந்துவிட்டால் 26.9 வாட் வரும்; சக்கரம் 79 சதவீதப் பயனுறுதிறனைத் தொட்டதாகத் தோன்றும். உண்மையில் அது 34 வாட்டில் 19.7, வெறும் 58 சதவீதம். கப்பியில் தண்ணீர் தெறித்தால் கயிற்றின் பிடி நொடிக்கு நொடி மாறித் தராசு முள் துள்ளும். அப்போது எடுத்த அளவை ஒதுக்கிவிட்டு, சக்கரத்துக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு தகடு வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

ஒரே வேகத்தில் அளந்து நிறுத்துவதும் போதாது. கயிற்றைத் தளர்த்தி 700 சுற்றில் ஓட விட்டால் பிடி 0.37 கிலோவாகக் குறைந்து 13.8 வாட்தான் வருகிறது. இறுக்கி 250 சுற்றுக்குக் கொண்டுவந்தால் பிடி 1.19 கிலோவாக ஏறியும் 15.9 வாட்தான். பிடியும் வேகமும் சேர்ந்து பெருகும் இடம் நடுவில் இருக்கிறது. பாரமே இல்லாமல் சீறிச் சுற்றும் சக்கரத்தைப் பார்த்து வியக்கிறோம். அது வெளியே ஒரு வாட்கூடத் தருவதில்லை.

பிரேக்கை எடுத்துவிட்டு, பெல்ட் மூலம் சிறிய டி.சி. மோட்டாரை ஜெனரேட்டராக இணைத்து, அதே 480 சுற்று வரும்படி பாரத்தை ஏற்றினால் 12 வோல்ட்டில் 0.95 ஆம்பியர், அதாவது 11.4 வாட் கிடைக்கிறது. தொட்டியின் 43.6 வாட்டோடு ஒப்பிட்டால் மொத்தப் பயனுறுதிறன் 26 சதவீதம்.

இழப்பை இடம்வாரியாகப் பார்த்தால் குழாயில் 6.5, நாசிலில் 3, சக்கரத்தில் 14.3, பெல்ட்டிலும் ஜெனரேட்டரிலும் 8.3 வாட். பார்ப்பவர்கள் உடனே விலையுயர்ந்த ஜெனரேட்டர் வாங்கச் சொல்வார்கள். எண்கள் வேறு இடத்தைக் காட்டுகின்றன. வரப்பு மழுங்கியிருக்கிறதா, தாரை வரப்பின் நடுவில் விழுகிறதா, தாங்கிகள் இறுகியிருக்கின்றனவா என்று சக்கரத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு குழாயை 25-லிருந்து 32 மில்லிமீட்டராக்கினால் அதன் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஜெனரேட்டரின் முறை அதற்கும் பிறகுதான்.