திறந்தவுடன் வந்து நிற்கும் விளம்பரம்: எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்

வட்டக்கச்சியில் இருக்கும் என் சின்னம்மாவின் போன் மூன்று கிழமையாக அவரது சொல்லுக் கேட்கவில்லை. திறந்தவுடன் திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து நிற்கும். மூடினால் மேலே அறிவித்தல்கள் வரிசையாகக் கிடக்கும். "உங்கள் போனில் வைரஸ்", "உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று சிவப்பு எழுத்தில்.

"கடையில குடுத்தனான் தம்பி. எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரிவருமாம் எண்டு சொல்லுறாங்கள். நான் வேண்டாமெண்டு திருப்பிக் கொண்டந்திட்டன்" என்றார்.

அவர் ஏன் மறுத்தார் என்பது எனக்குத் தெரியும். 2009இல் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தின் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. சித்தப்பாவின் ஒரே ஒரு படம் பிறகு கனடாவில் இருந்த ஓர் உறவினரிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்தது. அதை அனுப்பியவரும் இப்போது இல்லை. அந்தப் படம் இருப்பது இந்தப் போனில் மட்டும்தான்.

ஆகவே முதலில் படத்தை என் போனுக்கு மாற்றினேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, தெளிவு குறையும். "Document" என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் இருந்தபடியே வரும். அதன் பின்னர்தான் விளம்பரத்தின் மூலத்தைத் தேடத் தொடங்கினேன்.

சின்னம்மாவின் போன் அன்ட்ரொய்ட் வகை. அதில் மேலே அறிவித்தலாக வரும் விளம்பரமும், திரையை மூடிக்கொண்டு வரும் விளம்பரமும் பார்ப்பதற்கு ஒரே தொல்லையாகத் தெரியும். ஆனால் இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வரக்கூடும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றது வருவதைப் பார்த்து, செய்தது பிழைத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

அறிவித்தலைக் கண்டுபிடிப்பது இலகு. அதைத் தட்டித் திறக்கவும் வேண்டாம், தள்ளி அகற்றவும் வேண்டாம். விரலை அதன்மேல் வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் அனுப்பிய செயலியின் பெயர் தெரியும். சின்னம்மாவின் போனில் வந்த பெயர் "Chrome". அதன் அருகில் நாம் கேள்விப்படாத ஓர் இணையத்தள முகவரியும் இருந்தது. அப்படியென்றால் இந்த அறிவித்தல் வைரஸால் வந்தது அல்ல. எப்போதோ ஒரு பக்கத்தைத் திறந்தபோது "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட Allow ஐ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும். அவர் அழுத்தியிருப்பார். உண்மையில் அந்த அழுத்தல், நாளாந்தம் அறிவித்தல் அனுப்ப அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி.

அதைத் திருப்பி எடுக்க, குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டு "Settings", "Site settings", "Notifications" என்று போக வேண்டும். அனுமதி பெற்ற தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும். சின்னம்மாவின் போனில் நான்கு தளங்கள். நான்கையும் தடுத்தேன். மேலே வந்த தொல்லை அத்துடன் நின்றது.

திரையை மூடும் விளம்பரம் நிற்கவில்லை. போனைப் பூட்டித் திறந்தபோது மீண்டும் வந்தது. இப்படி வரும்போது அதை மூடாமல், அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். சில போன்களில் திரையின் அடியிலிருந்து மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் விளம்பரம் ஓர் அட்டையாகத் தெரியும், அதன் மேலுள்ள சின்னம் யாருடையது என்று காட்டிவிடும். ஆனால் சில செயலிகள் இந்த வரிசையில் தெரியாதபடி தம்மை மறைத்துக்கொள்ளும். இதுவும் அப்படித்தான் மறைந்தது.

ஒளிந்தாலும் அதற்கு ஓர் அனுமதி தேவை. அன்ட்ரொய்ட் 10 இலிருந்து, பின்னணியில் இருக்கும் செயலி நினைத்தபடி திரைக்கு வர முடியாது. அதற்கு இப்படியான செயலிகள் வழமையாகப் பயன்படுத்தும் வழி, மற்றச் செயலிகளுக்கு மேலே தோன்றும் அனுமதி. "Settings" இல் "Apps", பிறகு "Special app access", பிறகு "Display over other apps" என்று போனால் அந்த அனுமதி உள்ளவற்றைக் காணலாம். சம்சுங் போன்களில் இதன் பெயர் "Appear on top".

அங்கே மூன்றுக்கு அனுமதி இருந்தது. ஒன்று மெசஞ்சர். மற்றொன்று அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலி. இவை இரண்டுக்கும் அந்த அனுமதி ஏன் தேவை என்று விளங்குகிறது. மூன்றாவது, படத்துக்குச் சட்டமும் மாலையும் போடும் செயலி. படத்துக்குச் சட்டம் போட, மற்றச் செயலிகளுக்கு மேலே ஏன் தோன்ற வேண்டும்?

"அது திவசத்துக்கு அவற்ற படத்துக்கு மாலை போட எடுத்தது. அது கன நாளாச்சே" என்றார் சின்னம்மா. அந்தக் கன நாள்தான் தந்திரம். இத்தகைய செயலிகள் சில, பதிவிறக்கியவுடன் விளம்பரம் காட்டாமல் சில நாட்கள் அமைதியாக இருக்கும். அதனால் கடைசியாக எடுத்த செயலியைச் சந்தேகித்து நாம் அதை அழித்துவிடுவோம், உண்மையான ஆள் உள்ளேயே இருப்பார்.

நான் உடனே அதை அகற்றவில்லை. அனுமதியை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். விளம்பரம் வரவில்லை. மூலம் அதுதான் என்பது உறுதியானது.

அகற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்தேன். மாலை போட்ட படம் கலரியில் இருக்கிறதா, செயலிக்குள் மட்டும் இருக்கிறதா? கலரியில் சேமித்த படம் செயலியை அகற்றினாலும் இருக்கும். செயலிக்குள் மட்டும் இருப்பது அதனுடன் சேர்ந்து போய்விடும். சின்னம்மாவின் படம் உள்ளேதான் இருந்தது. கலரிக்கு மாற்றிவிட்டு, "Settings" இல் உள்ள செயலிப் பட்டியலிலிருந்து அகற்றினேன். முகப்பில் அதன் சின்னம் இருக்கவே இல்லை. "Uninstall" மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால், "Settings" இன் தேடலில் "Device admin apps" என்று தேடி, அங்கே அதன் அதிகாரத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

இந்தப் பட்டியலிலும் ஆள் பிடிபடாவிட்டால், போனைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கலாம். பல போன்களில், "Power off" என்பதைத் திரையில் அழுத்திப் பிடித்தால் "Safe mode" என்று கேட்கும். அப்போது நாம் பதிவிறக்கிய செயலிகள் எதுவும் இயங்காது. வட்ஸ்அப்பும் இயங்காது என்பதால் பயப்பட வேண்டாம், சாதாரணமாக மீண்டும் தொடக்கினால் எல்லாம் திரும்பும். அந்த நிலையில் விளம்பரம் நின்றால், நாம் எடுத்த செயலிகளில் ஒன்றே காரணம். நிற்காவிட்டால் அது போனுடன் வந்த மென்பொருளில் இருக்கிறது. சில மலிவான போன்களில் இப்படி உண்டு.

முழுவதையும் அழிப்பது பற்றி இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். போனுடன் வந்த மென்பொருளில் இருப்பது அழித்த பின்னும் அப்படியே இருக்கும். நாம் எடுத்த செயலியாக இருந்தால் அழிப்பது பலன் தரும், ஆனால் கூகுள் கணக்கிலிருந்து பழைய செயலிகளை மீட்கும்போது அதுவும் சேர்ந்து திரும்பி வரலாம். ஒரு செயலியை அகற்றினால் தீர்ந்துவிடும் விடயத்துக்குப் படங்களை எல்லாம் கொடுப்பது பெரிய விலை.

சின்னம்மாவின் போனில் இப்போது விளம்பரம் வருவதில்லை. சித்தப்பாவின் படம் அவரிடமும் என்னிடமும் இருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு கடையில் அச்சிட்டுச் சட்டம் போட்டு, சுவரிலும் மாட்டியிருக்கிறோம்.